ஒகசாகி துண்டுகள் ஏன் தேவை? தாளில் வரைந்து புரிந்துகொள்ள ஒரு வழி

டி.என்.ஏ இரட்டிப்பாவதைப் பற்றிப் படிக்கும் எல்லோரும் ஒரு வரியை மனப்பாடம் செய்துவிடுகிறார்கள்: ஒரு புதிய இழை தொடர்ச்சியாக வளர்கிறது, மற்றது துண்டு துண்டாக வளர்கிறது. ஏன் என்று கேட்டால் "பாலிமரேஸ் 5′-இலிருந்து 3′ நோக்கித்தான் வேலை செய்யும்" என்று பதில் வரும். பதில் சரிதான், ஆனால் அதிலிருந்து துண்டுகள் எப்படி வந்து சேர்கின்றன என்று அடுத்த கேள்வியைக் கேட்டால் பாதிப் பேர் திணறுவார்கள். படத்தைப் பார்த்துப் படித்ததுதான் காரணம். அதைத் தாங்களே வரைந்திருந்தால் திணறல் வராது. அதனால் ஒரு தாளும் இரண்டு நிறப் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே சொல்வதைப் படித்துக்கொண்டே வரையுங்கள்.

வகுப்பில் லீடிங், லேக்கிங் என்று சொல்வதை நான் இங்கே முன்செல்லும் இழை, பின்தங்கும் இழை என்றே எழுதுகிறேன். எடுத்துக்காட்டுக்கு ஈ. கோலை பாக்டீரியா. இந்த வேலையைப் பற்றி நமக்கு மிக நன்றாகத் தெரிந்தது அதில்தான்.

முதலில் முனைகளைக் குறியுங்கள்

தாளின் நடுவில் இதை அப்படியே எழுதுங்கள். எழுத்துகளுக்கு இடையே கொஞ்சம் இடம் விட்டு எழுதினால் பின்னால் வசதியாக இருக்கும்.

```
5'-ATGCCTGAACGTTAGC-3'
3'-TACGGACTTGCAATCG-5'
```

16 எழுத்துகள்தான். உண்மையான ஈ. கோலை டி.என்.ஏ-வில் ஏறத்தாழ 46 லட்சம் இணைகள் உண்டு, அதை வரைய யாருக்கும் ஆயுள் போதாது.

5′, 3′ என்பவை சர்க்கரை மூலக்கூறில் உள்ள கார்பன்களின் எண்கள். ஒரு நியூக்ளியோடைடின் 5-ஆவது கார்பனில் பாஸ்பேட் ஒட்டியிருக்கும், 3-ஆவது கார்பனில் OH தொகுதி இருக்கும். ஒன்றின் 3′ OH அடுத்ததன் 5′ பாஸ்பேட்டோடு பிணைவதால்தான் இழை உண்டாகிறது. ஆகவே எந்த இழையை எடுத்தாலும் ஒரு முனையில் பாஸ்பேட் மிஞ்சும், மறுமுனையில் OH மிஞ்சும். அந்த இரண்டும் ஒரே மாதிரியான முனைகள் அல்ல. இரட்டைச் சுருளில் இரண்டு இழைகளும் எதிரெதிர்த் திசையில் கிடக்கின்றன, மேலே உள்ளது இடமிருந்து வலமாக 5′→3′ என்றால் கீழே உள்ளது வலமிருந்து இடமாக 5′→3′. நாம் பேசப்போகும் சிக்கல் முழுவதும் இந்த எதிரெதிர் அமைப்பிலிருந்தே பிறக்கிறது. இரண்டு இழைகளும் ஒரே திசையில் கிடந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

பிறகு அந்த ஒற்றை விதியைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள்

டி.என்.ஏ பாலிமரேஸ் புதிய நியூக்ளியோடைடை வளரும் இழையின் 3′ முனையில் மட்டுமே சேர்க்கும். பூக்கட்டும்போது நார் தொங்கும் பக்கத்தில்தான் அடுத்த பூவை வைக்க முடியும், தொடங்கிய முடிச்சின் பக்கம் வைக்க முடியாது, அந்த மாதிரி.

ஏன் இந்தப் பிடிவாதம்? இங்கே கொஞ்சம் நின்று பார்ப்பது நல்லது, ஏனென்றால் பெரும்பாலான பாடக்குறிப்புகள் விதியைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றன.

உள்ளே வரும் ஒவ்வொரு நியூக்ளியோடைடும் தன் 5′ பக்கத்தில் வரிசையாக மூன்று பாஸ்பேட்டுகளைச் சுமந்துகொண்டு வருகிறது. வளரும் இழையின் கடைசி 3′ OH, அந்த மூன்றில் சர்க்கரைக்கு மிக அருகில் உள்ள பாஸ்பேட்டைப் பிடித்துக்கொள்கிறது. வெளிப்பக்கத்து இரண்டும் கழன்றுபோகின்றன, பிணைப்பு உண்டாவதற்கான ஆற்றல் அங்கிருந்துதான் கிடைக்கிறது. அதாவது புதிதாக வருபவர் தன் எரிபொருளைத் தானே கொண்டுவருகிறார். இழையின் முனையில் ஒரு வெறும் OH இருந்தால் போதும்.

இப்போது தலைகீழாக ஒரு பாலிமரேஸைக் கற்பனை செய்து பாருங்கள். அது 5′ முனையில் சேர்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது மூன்று பாஸ்பேட்டுகளும் வளரும் இழையின் முனையிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும், புதிதாக வரும் நியூக்ளியோடைடின் 3′ OH வந்து அவற்றைப் பிடிக்கும். வேதியியல்படி இது நடக்கக்கூடியதே. சிக்கல் வருவது தவறு நேரும்போது. பாலிமரேஸ் ஏறத்தாழ லட்சம் எழுத்துக்கு ஒன்று என்ற அளவில் தவறான எழுத்தைச் சேர்த்துவிடும், உடனே அதுவே அந்த எழுத்தை வெட்டி எறிந்துவிட்டுச் சரியானதைப் போடும். நம்முடைய வழக்கமான 5′→3′ வளர்ச்சியில் கடைசி எழுத்தை வெட்டினால் அதற்கு முந்தையதன் 3′ OH வெளியே தெரியும், அடுத்தவர் தன் எரிபொருளோடு வருவார், வேலை தொடரும். கற்பனைப் பாலிமரேஸில் கடைசி எழுத்தை வெட்டினால் அதோடு மூன்று பாஸ்பேட்டும் போய்விடும்; மிஞ்சும் முனையில் ஒரே ஒரு பாஸ்பேட்தான் இருக்கும், ஆற்றல் இல்லை, வளர்ச்சி அங்கேயே நின்றுவிடும். ஈ. கோலை ஒருமுறை இரட்டிப்பாகும்போது இரண்டு இழைகளையும் சேர்த்து ஏறத்தாழ 92 லட்சம் எழுத்துகள் எழுதப்படுகின்றன. லட்சத்துக்கு ஒரு தவறு என்றால் தொண்ணூறு சொச்சம் இடங்களில் வண்டி நின்றுபோகும், அல்லது தவறைத் திருத்தாமலே விட வேண்டும்.

டி.என்.ஏ-வை நகலெடுக்கும் பாலிமரேஸ்கள் எல்லாம் 5′→3′ திசையையே பிடித்துக்கொண்டதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம் இதுதான். எதிர்த்திசையில் எழுத்தைச் சேர்க்கும் நொதி உலகத்திலேயே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு குறிப்பிட்ட டி.ஆர்.என்.ஏ-வின் 5′ முனையில் ஒரு G-யை ஒட்டும் Thg1 என்ற நொதி இருக்கிறது. ஆனால் ஓர் எழுத்தை ஒட்டுவதும் லட்சக்கணக்கில் பிழையில்லாமல் எழுதுவதும் ஒன்றல்ல.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. பாலிமரேஸால் வெற்றிடத்தில் தொடங்க முடியாது. ஏற்கெனவே ஒரு 3′ OH இருந்தால் அதை நீட்டும், அவ்வளவுதான். அந்த முதல் 3′ OH-ஐக் கொடுப்பதற்கு பிரைமேஸ் என்ற நொதி ஒரு சின்ன ஆர்.என்.ஏ துண்டை எழுதிவைக்கிறது; அதுதான் பிரைமர். ஈ. கோலையில் அது பத்துப் பன்னிரண்டு எழுத்து நீளம். இதை மனதில் வையுங்கள், ஒட்டும் கட்டத்தில் தேவைப்படும்.

கவையைத் திறந்து முதல் எட்டு எழுத்தை நகலெடுங்கள்

நம் 16 எழுத்தில் இடப்பக்கத்து எட்டு எழுத்துகளை மட்டும் பிரித்து வரையுங்கள். மேல் இழை மேலே வளைகிறது, கீழ் இழை கீழே வளைகிறது, வலப்பக்கத்து எட்டும் இன்னும் ஒட்டியே இருக்கின்றன. Y எழுத்தைப் படுக்கவைத்த மாதிரி ஓர் உருவம் கிடைக்கும். அந்தச் சந்திதான் இரட்டிப்பாதல் கவை. ஹெலிகேஸ் அந்த இடத்தில் உட்கார்ந்து இழைகளைப் பிரித்துக்கொண்டே வலப்பக்கம் நகர்கிறது. கவையின் மேல் வலப்பக்கம் நோக்கி ஒரு பெரிய அம்புக்குறி போடுங்கள், இனி எல்லாவற்றையும் அதோடு ஒப்பிட்டே பார்க்கப் போகிறோம்.

கீழ் இழையில் தொடங்குவோம், அது சுலபம். திறந்த பகுதி இடமிருந்து வலமாக 3′-TACGGACT. இதன் எதிரே எழுதப்படும் புதிய இழை எதிர்த்திசையில் கிடக்க வேண்டும், ஆகவே அதன் 5′ முனை இடப்பக்கம். 5′-இல் தொடங்கி 3′ நோக்கி எழுதினால் இடமிருந்து வலமாக ATGCCTGA என்று வரும். உங்கள் பேனா எந்தப் பக்கம் நகர்ந்தது? வலப்பக்கம். கவை நகரும் அதே பக்கம். எழுதி முடித்ததும் 3′ முனை கவையின் வாயிலேயே நிற்கிறது. ஹெலிகேஸ் அடுத்த எழுத்தைத் திறந்தால் பாலிமரேஸ் அப்படியே தொடரலாம். இதுதான் முன்செல்லும் இழை.

இப்போது மேல் இழை. திறந்த பகுதி 5′-ATGCCTGA. எதிரே வரும் புதிய இழையின் 5′ முனை வலப்பக்கம் இருக்க வேண்டும், அதாவது கவையின் பக்கம். ஆகவே இரண்டாவது நிறப் பேனாவைக் கவையின் அருகே வைத்து அங்கிருந்து இடப்பக்கமாக எழுதுங்கள். கடைசி A-வுக்கு எதிரே T, அடுத்த G-க்கு எதிரே C, பிறகு A, G, G, C, A, T. எழுதிய வரிசையில் படித்தால் 5′-TCAGGCAT-3′. பேனா கவையை விட்டு விலகிப் போய்விட்டது, 3′ முனை இடப்பக்கக் கடைசியில் இருக்கிறது. கவையின் அருகே இருப்பது 5′ முனை, அங்கே எதையும் சேர்க்க முடியாது.

இந்த இடத்தில் ஒரு நிமிடம் படத்தைப் பாருங்கள். இரண்டு புதிய இழைகளும் 5′→3′ திசையில்தான் எழுதப்பட்டன. "பின்தங்கும் இழை 3′→5′ திசையில் வளர்கிறது" என்று விடைத்தாளில் எழுதுபவர்கள் நிறையப் பேர். அது முழுத் தவறு. எந்த இழையும் அப்படி வளர்வதில்லை. கவையைப் பொறுத்துத்தான் ஒன்று கூடவே போகிறது, மற்றது எதிரே போகிறது.

அடுத்த எட்டு எழுத்தைத் திறந்தால் துண்டு தானாக வரும்

ஹெலிகேஸ் மீதி எட்டையும் திறந்துவிட்டது என்று வரையுங்கள். கீழே எந்தப் பிரச்சினையும் இல்லை, ஏற்கெனவே நின்ற 3′ முனையிலிருந்து ACGTTAGC என்று எழுதிக்கொண்டே போகலாம். ஒரே இழை, ஒரே தொடக்கம்.

மேலே புதிதாகத் திறந்த பகுதி ACGTTAGC. ஏற்கெனவே எழுதிய TCAGGCAT துண்டின் 5′ முனைதான் இந்தப் பகுதியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதை இந்தப் பக்கம் நீட்ட முடியாது. ஆக ஒரே வழி, கவை இப்போது இருக்கும் இடத்துக்கே போய்ப் புதிதாக ஒரு பிரைமர் வைத்து மறுபடி இடப்பக்கமாக எழுதுவது: C-க்கு எதிரே G, பிறகு C, T, A, A, C, G, T. படித்தால் 5′-GCTAACGT-3′. இதன் 3′ முனை வந்து நிற்கும் இடம் முதல் துண்டின் 5′ முனைக்குப் பக்கத்தில். இப்போது உங்கள் தாளில் மேலே இரண்டு துண்டுகள் இருக்கின்றன, நடுவில் ஓர் இடைவெட்டு இருக்கிறது. அவைதான் ஒகசாகி துண்டுகள்.

கவை மேலும் நகர்ந்தால் மூன்றாவது துண்டு, பிறகு நான்காவது. ஒவ்வொன்றும் முந்தையதற்கு வலப்பக்கத்தில் தொடங்கி, முந்தையதை நோக்கி ஓடி, அதை முட்டி நிற்கும். பழைய துண்டு இடப்பக்கம், புதிய துண்டு கவையின் பக்கம். தேர்வில் "எந்தத் துண்டு முதலில் உருவானது" என்று படம் கொடுத்துக் கேட்டால் கவைக்குத் தூரத்தில் இருப்பதைச் சொல்லுங்கள்.

சரி, கவை கடைசிவரை திறக்கும்வரை காத்திருந்து மேல் இழையை ஒரே மூச்சில் எழுதினால் என்ன? நியாயமான கேள்வி. ஈ. கோலையின் வட்ட டி.என்.ஏ-வில் ஓர் இடத்தில் தொடங்கி இரண்டு கவைகள் எதிரெதிர்ப் பக்கம் ஓடுகின்றன, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 23 லட்சம் எழுத்தைக் கடக்க வேண்டும், அதற்கு 40 நிமிடம் வரை ஆகும். அவ்வளவு நேரமும் 23 லட்சம் எழுத்து நீளத்துக்கு ஓர் இழை துணையில்லாமல் வெறுமையாகத் தொங்கும். ஒற்றை இழையில் ஒரு வெட்டு விழுந்தால் அது அறுந்தே போகும், எதிரே பார்த்துத் திருத்த இன்னொரு பிரதியும் இருக்காது. ஒற்றை இழையை மூடிக் காக்கும் புரதங்கள் செல்லில் உண்டு, ஆனால் அவை ஆயிரம் இரண்டாயிரம் எழுத்துக்குத் தற்காலிகமாகப் போர்த்துவதற்கானவை. முழு நீளத்துக்கும் போர்த்தும் அளவுக்கு அவை செல்லில் இருப்பதில்லை.

ஆனால் சின்ன டி.என்.ஏ உள்ளவர்கள் காத்திருக்கத்தான் செய்கிறார்கள். அடினோவைரஸின் டி.என்.ஏ ஏறத்தாழ 36,000 இணைகள்தான். அது ஒரு முனையிலிருந்து ஓர் இழையைத் தொடர்ச்சியாக நகலெடுக்கும்போது மற்றப் பழைய இழையை அப்படியே ஒதுக்கித் தள்ளிவிடுகிறது, பிறகு அதைத் தனியாக இன்னொரு தொடர்ச்சியான ஓட்டத்தில் நகலெடுக்கிறது. ஒகசாகி துண்டே கிடையாது. ஆகவே "துண்டுகள் எல்லா டி.என்.ஏ-வுக்கும் தேவை" என்று சொல்வது சரியல்ல. எதிரெதிர் இழைகள், ஒரே திசைப் பாலிமரேஸ், இரண்டு இழையும் ஒரே கவையில் ஏறத்தாழ ஒரே நேரத்தில் நகலாக வேண்டும் என்ற கட்டாயம், இந்த மூன்றும் சேரும் இடத்தில்தான் தேவை. மூன்றாவதைத் தளர்த்தினால் துண்டுகள் மறைந்துவிடும்.

இப்போது துண்டுகளை ஒட்டுங்கள்

பலர் இந்தக் கட்டத்தை "லைகேஸ் ஒட்டிவிடும்" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். நடுவில் ஒரு வேலை இருக்கிறது, அதைத் தாளில் செய்து பாருங்கள்.

ஒவ்வொரு துண்டின் தொடக்கமும் ஆர்.என்.ஏ என்று சொன்னேன். நம் குட்டி எடுத்துக்காட்டில் பிரைமர் இரண்டு எழுத்து என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் முதல் துண்டு உண்மையில் UC-AGGCAT, முதல் இரண்டும் ஆர்.என்.ஏ. ஆர்.என்.ஏ-வில் T-க்குப் பதில் U. இரண்டாவது துண்டு GC-TAACGT, அதிலும் முதல் இரண்டு எழுத்து ஆர்.என்.ஏ. இந்த எழுத்துகளைச் சுற்றி வட்டம் போடுங்கள்.

இரண்டாவது துண்டு முதல் துண்டை வந்து முட்டும்போது அதன் 3′ முனைக்கு எதிரே நிற்பது அந்த UC. ஈ. கோலையில் இங்கே பாலிமரேஸ் I வருகிறது. இதற்கு ஒரு தனித் திறமை: முன்னால் இருக்கும் ஆர்.என்.ஏ-வை 5′ பக்கத்திலிருந்து கடித்துக்கொண்டே, பின்னால் டி.என்.ஏ எழுத்தைச் சேர்த்துக்கொண்டே போகும். U போய் T வந்தது, C போய் டி.என்.ஏ C வந்தது. இப்போது இரண்டாவது துண்டு GC-TAACGTTC என்று நீண்டிருக்கிறது, முதல் துண்டு AGGCAT என்று சுருங்கியிருக்கிறது. இடைவெட்டு இரண்டு எழுத்து இடப்பக்கம் நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். வெட்டின் இரு பக்கமும் இப்போது டி.என்.ஏ: ஒரு பக்கம் C-யின் 3′ OH, மறுபக்கம் A-யின் 5′ பாஸ்பேட். லைகேஸ் கேட்பது இதைத்தான். அது அந்த ஒரு பிணைப்பைப் போட்டு மூடிவிடுகிறது.

ஒட்டிய பிறகு மேல் இழையின் நகலைப் படித்துப் பாருங்கள்: 5′-GCTAACGTTCAGGCAT-3′. இதைத் தாளில் முதலில் எழுதிய கீழ் இழையோடு ஒப்பிடுங்கள், கீழ் இழையை வலமிருந்து இடமாகப் படித்தால் அதே வரிசை வரும். வரவில்லையென்றால் எங்கோ ஓர் எழுத்தை இடமிருந்து வலமாக எழுதியிருப்பீர்கள்.

வலப்பக்கத்துக் கடைசியில் GC என்ற ஆர்.என்.ஏ இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, கவனித்தீர்களா? அதை எடுத்துவிட்டு நிரப்ப மூன்றாவது துண்டு வர வேண்டும். மூன்றாவதன் பிரைமரை எடுக்க நான்காவது வர வேண்டும். அந்தச் சங்கிலி எங்கே முடியும் என்ற கேள்வியைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைப்போம்.

மனிதச் செல்லில் நடப்பதும் இதே கதைதான், ஆட்கள் மட்டும் வேறு. பாலிமரேஸ் ஆல்ஃபா பிரைமேஸோடு சேர்ந்து தொடங்கிவைக்கும், பாலிமரேஸ் டெல்டா நீட்டும், பிரைமர் பகுதியை மடல் போலத் தூக்கிவிட்டு FEN1 என்ற நொதி அதை நறுக்கும், லைகேஸ் I மூடும்.

உண்மையான வேகத்தில் பார்த்தால்

ஈ. கோலையின் கவை 37 டிகிரியில் நொடிக்கு ஏறத்தாழ 1,000 எழுத்து வேகத்தில் ஓடுகிறது. ஒரு ஒகசாகி துண்டின் நீளம் 1,000 முதல் 2,000 எழுத்து. வகுத்துப் பாருங்கள்: ஒன்று அல்லது இரண்டு நொடிக்கு ஒரு புதிய துண்டு. அந்த நேரத்துக்குள் புதிய பிரைமர் எழுதப்பட வேண்டும், பாலிமரேஸ் பழைய துண்டை விட்டுவிட்டுப் புதியதைப் பிடிக்க வேண்டும். இரண்டு கவைகளிலும் சேர்த்துப் பின்தங்கும் பக்கம் மொத்தம் 46 லட்சம் எழுத்து. சராசரி 1,500 என்று எடுத்தால் ஏறத்தாழ 3,000 துண்டுகள். முன்செல்லும் பக்கத்தில் ஒரு கவைக்கு ஒரு தொடக்கம் கொள்கை அளவில் போதும். அந்த ஒன்றுக்கும் பிரைமர் வேண்டும் என்பதை மறக்காதீர்கள், "முன்செல்லும் இழைக்குப் பிரைமர் தேவையில்லை" என்பது இன்னொரு வழக்கமான தவறு.

இங்கே ஒரு சந்தேகம் வரும், வர வேண்டும். ஒரு பாலிமரேஸ் கவையோடு வலப்பக்கம் ஓடுகிறது, இன்னொன்று இடப்பக்கம் ஓடுகிறது என்றால் இரண்டும் பிரிந்து தூரமாகப் போய்விடாதா? போவதில்லை, இரண்டும் ஒரே பெரிய கூட்டமைப்பில் பிணைந்தே இருக்கின்றன. பின்தங்கும் பக்கத்துப் பழைய இழை ஒரு வளையமாக மடங்கி வருகிறது, அதனால் அந்தப் பாலிமரேஸ் இடத்தைவிட்டு நகராமலே எதிர்த்திசையில் எழுத முடிகிறது. துண்டு வளர வளர வளையம் பெரிதாகிறது, துண்டு முடிந்ததும் வளையம் அவிழ்கிறது, அடுத்ததற்குப் புதிய வளையம். புரூஸ் ஆல்பர்ட்ஸ் முன்வைத்த டிராம்போன் மாதிரி என்பது இதுதான். தாளில் வளையத்தை வரைவது கொஞ்சம் கஷ்டம், முதலில் நேர்க்கோட்டுப் படம் கைவந்த பிறகு முயன்று பாருங்கள்.

மனிதச் செல்லில் துண்டுகள் இன்னும் சிறியவை, 100 முதல் 200 எழுத்து. கவையும் மெதுவாகத்தான் ஓடுகிறது, நொடிக்குச் சில பத்து எழுத்துகள்.

இது நடக்கிறது என்று எப்படித் தெரிந்தது

ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்தில் ரெய்ஜி ஒகசாகியும் சுனேகோ ஒகசாகியும், கணவன் மனைவி, 1960-களின் பிற்பாதியில் செய்த சோதனை இது. முக்கியமான கட்டுரை 1968-இல் வந்தது. அப்போது இருந்த குழப்பம் நாம் தாளில் பார்த்ததுதான்: கவை ஒன்று, அதில் இரண்டு இழையும் ஒரே பக்கமாக வளர்வதுபோல் தெரிகிறது, ஆனால் தெரிந்த பாலிமரேஸோ ஒரே திசையில்தான் எழுதுகிறது. எதிர்த்திசைப் பாலிமரேஸ் ஒன்று எங்கோ ஒளிந்திருக்கிறதா, அல்லது ஒரு பக்கம் சின்னச் சின்னதாகப் பின்னோக்கி எழுதப்படுகிறதா?

அவர்கள் ஈ. கோலையை 20 டிகிரியில் வளர்த்து வேலையை மெதுவாக்கினார்கள். கதிரியக்கமுள்ள தைமிடினைச் சில நொடிகள் மட்டும் கொடுத்துச் சட்டென்று நிறுத்தினார்கள். அந்தச் சில நொடிகளில் எழுதப்பட்ட டி.என்.ஏ மட்டும்தான் அடையாளத்தோடு இருக்கும். பிறகு காரத்தில் போட்டு இழைகளைப் பிரித்து, சர்க்கரைக் கரைசல் அடுக்கில் வைத்து மையவிலக்கியில் சுற்றினார்கள். நீண்ட இழை வேகமாகக் கீழே போகும், குட்டை இழை மேலே தங்கும். சில நொடி அடையாளமிட்டவை மேலேயே தங்கின, 1,000 முதல் 2,000 எழுத்து நீளம். அடையாளம் கொடுக்கும் நேரத்தைக் கூட்டியபோது கதிரியக்கம் நீண்ட இழைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. அப்படியானால் குட்டைத் துண்டுகள் பிறகு ஒட்டப்படுகின்றன. இதை உறுதிசெய்ய T4 வைரஸின் ஒரு திரிபைப் பயன்படுத்தினார்கள், வெப்பம் கூடினால் அதன் லைகேஸ் செயலிழக்கும். வெப்பத்தைக் கூட்டியதும் குட்டைத் துண்டுகள் ஒட்டப்படாமல் குவிந்தன.

ஒரு சின்ன நெருடல் மிஞ்சியது. ஒரு பக்கம்தான் துண்டு என்றால் அடையாளத்தில் பாதிதான் குட்டையாக இருக்க வேண்டும். கிடைத்ததோ பாதிக்கும் மேல், இரண்டு பக்கமும் துண்டாகத்தான் எழுதப்படுகிறதோ என்று நினைக்கும் அளவுக்கு. அதற்கு ஒரு காரணம் 1970-களில் தெரியவந்தது. செல் சில நேரம் T-க்குப் பதில் U-வை டி.என்.ஏ-வில் வைத்துவிடும், திருத்தும் நொதிகள் அந்த இடத்தில் இழையை வெட்டி எடுக்கும், அந்த வெட்டுகளால் தொடர்ச்சியான இழையும் துண்டுபோலத் தெரியும். சோதனையில் துண்டு கிடைத்துவிட்டது என்பதாலேயே அது ஒகசாகி துண்டு ஆகிவிடாது.

ரெய்ஜி 1945-இல் ஹிரோஷிமாவில் அணுகுண்டுக் கதிர்வீச்சுக்கு ஆளானவர், 1975-இல் ரத்தப் புற்றுநோயால் இறந்தார். ஆய்வைச் சுனேகோ தொடர்ந்தார். துண்டுகளின் தொடக்கத்தில் ஆர்.என்.ஏ பிரைமர் இருக்கிறது என்பதை நிறுவியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. காரம் ஆர்.என்.ஏ-வைச் சிதைத்துவிடும், அதனால் முதலில் செய்த மாதிரியான சோதனையில் பிரைமர் கண்ணில் படாது.

புரிந்ததா என்று பார்க்க இரண்டு படங்கள்

முதல் படம்: ஒரு கவைக்குப் பதில் ஒரு குமிழி வரையுங்கள், நடுவில் திறந்து இடம், வலம் இரண்டு பக்கமும் கவைகள் விலகிப் போகின்றன. மேல் பழைய இழைக்கு இடப்பக்கம் 5′. வலப்பக்கக் கவையில் அதன் நகல் துண்டு துண்டாக வரும், நாம் செய்ததுபோல. இடப்பக்கக் கவையில் அதே மேல் இழைக்கு என்ன ஆகும்? நகல் வலமிருந்து இடமாக எழுதப்படுகிறது, கவையும் இடப்பக்கம்தான் போகிறது, ஆகவே தொடர்ச்சி. ஒரே பழைய இழை குமிழியின் ஒரு பாதியில் முன்செல்லும் இழைக்கும் மறுபாதியில் பின்தங்கும் இழைக்கும் அச்சாக இருக்கிறது. "இந்த இழை எப்போதும் பின்தங்கும் இழை" என்று ஒரு முழு இழைக்குப் பெயர் சூட்ட முடியாது, கவையைச் சொன்னால்தான் பெயர் சொல்ல முடியும். குமிழியில் நான்கு அம்புகளையும் பிழையில்லாமல் போட முடிந்தால் அடிப்படை வந்துவிட்டது.

இரண்டாவது படம், ஓரமாக வைத்த கேள்வி. நம் 16 எழுத்துத் தாளில் வலப்பக்க முனையோடு டி.என்.ஏ முடிந்துபோகிறது என்று வையுங்கள். கடைசித் துண்டின் பிரைமர் GC. அதை எடுத்துவிட்டால் நிரப்ப அடுத்த துண்டு வர வேண்டும், ஆனால் அது தொடங்க வலப்பக்கம் இடமே இல்லை. பழைய இழையின் 3′ முனையில் இரண்டு எழுத்து துணையில்லாமல் நீட்டிக்கொண்டு நிற்கும், புதிய இழை அந்த அளவுக்குக் குறைந்துபோகும். ஈ. கோலைக்கு இந்தத் தொல்லை இல்லை, அதன் டி.என்.ஏ வட்டம், எந்தப் பிரைமருக்கும் பின்னால் இன்னொரு துண்டு வந்தே தீரும். நேர்க்கோட்டுக் குரோமோசோம் உள்ள நமக்கு உண்டு. 1970-களின் தொடக்கத்தில் ரஷ்யாவில் அலெக்சி ஒலோவ்னிகோவும் அமெரிக்காவில் ஜேம்ஸ் வாட்சனும் தனித்தனியே காகிதத்தில் யோசித்தே இதைக் கண்டார்கள். முனையில் பொருளற்ற ஒரே வரிசையைத் திரும்பத் திரும்ப வைத்து, கருச்செல்கள் போன்ற சிலவற்றில் டெலோமரேஸ் என்ற நொதியால் அதை மறுபடி நீட்டிக்கொள்வதுதான் செல் கண்ட வழி. மனிதரில் அந்த வரிசை TTAGGG. உங்கள் தாளில் மேல் இழையின் 3′ முனைக்குப் பின்னால் அதை நாலைந்து முறை எழுதிவிட்டு, கடைசித் துண்டை மறுபடி வரைந்து பாருங்கள், இம்முறை குறைந்துபோவது GC அல்ல, அந்தத் தொங்கலின் கடைசி எழுத்துகள்தான்.